எட்டில் ஒரு பங்கு எங்கே போனது?

"ஜகாத் வாங்கத் தகுதியுள்ளவர்கள் எட்டு வகை. அதில் உள்ளங்கள் ஈர்க்கப்பட வேண்டியவர்கள் என்ற வகை இப்போது கிடையாது. உமர்(ரலி) அவர்கள் காலத்திலேயே அது போய்விட்டது." ரமழான் பயான்களில் இதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். எங்கள் அத்தா வழி ராவுத்தர் குடும்பம், ஹனஃபி மத்ஹப். கேட்டதில் எனக்கு எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் வந்தது. மனைவியின் ஊர் கடற்கரைப் பக்கம், அங்கே எல்லோரும் ஷாஃபிஈ. ஒரு நோன்பில் மாமா தன்னுடைய ஜகாத்தைப் பிரித்து எழுதிக்கொண்டிருந்தபோது, புதிதாக இஸ்லாத்துக்கு வந்த ஒரு பையனின் பெயருக்கு நேரே "முஅல்லஃபா", அதாவது உள்ளம் ஈர்க்கப்பட வேண்டியவர், என்று எழுதினார். "மாமா, அந்த வகைதான் இல்லையே?" என்றேன். "யார் சொன்னது? குர்ஆனில் இருக்கிறதே தம்பி" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அந்தப் பதில் என்னை விடவில்லை. தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனத்தில் எட்டு வகையையும் அல்லாஹ்வே பெயர் சொல்லி வைத்திருக்கிறான், "அல்லாஹ் விதித்த கடமை" என்று முடித்தும் இருக்கிறான். அப்படிப்பட்ட பட்டியலிலிருந்து ஒரு பெயரை ஒரு கலீஃபா எடுத்துவிட முடியுமா? எடுத்தார் என்றால் மற்ற மத்ஹபுகள் ஏன் அதைத் தொடர்ந்து எழுதிக்கொண்டிருக்கின்றன? இதற்குப் பதில் தேடிப் போனதில், எட்டு வகைக்கும் இமாம்கள் கோடு போட்ட விதம் எவ்வளவு வேறுபட்டது என்பது தெரிந்தது. முன்பு நான் கவனிக்காத ஒரு மனிதரும் அந்தத் தேடலில்தான் கண்ணில் பட்டார். அவரிடம் பிறகு வருகிறேன்.

ஏழை என்றால் யார்?

முதல் இரண்டு வகை ஃபகீர், மிஸ்கீன். இரண்டுமே ஏழைதான். ஷாஃபிஈகளிடம் ஃபகீர்தான் அதிகம் நொடிந்தவர். தேவை பத்து என்றால் இரண்டோ மூன்றோதான் அவர் கையில் இருக்கும். மிஸ்கீனிடம் ஏழோ எட்டோ இருக்கும், பத்து எட்டாது. இதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் கஹ்ஃப் அத்தியாயத்தில் வரும் கப்பல்காரர்கள். கடலில் உழைக்கும் அவர்களுக்கு ஒரு கப்பல் இருந்தும் குர்ஆன் அவர்களை மிஸ்கீன்கள் என்கிறது. ஹனஃபிகளிடம் இது தலைகீழ். ஒன்றுமே இல்லாதவர் மிஸ்கீன், ஏதோ கொஞ்சம் இருந்தும், ஜகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவான நிஸாபை எட்டாதவர் ஃபகீர்.

எவர் எவரைவிட ஏழை என்ற இந்தச் சர்ச்சையால் நடைமுறையில் பெரிய வித்தியாசம் வருவதில்லை, இருவருக்குமே கொடுக்கலாம். வித்தியாசம் வருவது அளவுகோலில். ஹனஃபிகள் பார்ப்பது கையிருப்பை. அடிப்படைத் தேவை போக, 200 திர்ஹம் வெள்ளியின் மதிப்பு உன்னிடம் மிஞ்சுகிறதா? நம் ஊரில் 612 கிராம் வெள்ளி என்று கணக்கிடுகிறார்கள். மிஞ்சவில்லை என்றால், நீ மாதச் சம்பளம் வாங்கினாலும் ஜகாத் வாங்கலாம். ஷாஃபிஈகள் பார்ப்பது வருமானம் தேவைக்குப் போதுகிறதா என்பதை. கையில் ஒன்றும் மிஞ்சாவிட்டாலும், தகுந்த வேலையில் செலவுக்குப் போதிய சம்பளம் வந்தால் நீ ஏழை இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

எவ்வளவு கொடுப்பது என்பதிலும் இதே போக்குதான். ஒரே ஆளுக்கு நிஸாப் அளவு முழுவதையும் கொடுப்பது ஹனஃபிகளிடம் மக்ரூஹ், அதாவது விரும்பத்தகாதது. கடனோ பெரிய குடும்பமோ இருந்தால் கொடுக்கலாம். மாலிகிகளும் ஹன்பலிகளும் ஓர் ஆண்டுக்குப் போதுமானதைக் கொடு என்கிறார்கள். ஷாஃபிஈ நூல்கள் ஒரு மனிதன் சாதாரணமாக வாழக்கூடிய ஆயுளுக்கே போதுமானதைச் சொல்கின்றன. மொத்தப் பணத்தையும் கையில் திணிப்பது அதன் பொருளல்ல. தொழில் தெரிந்தவனுக்குத் தொழிலுக்கான முதல் கொடு என்பதுதான். அந்தக் காலத்து ஃபிக்ஹு நூல்களில் இதற்கு ஒரு விலைப்பட்டியலே உண்டு: கீரை விற்பவனுக்கு 5 திர்ஹம், பழக்காரனுக்கு 20, ரொட்டி சுடுபவனுக்கு 50, அத்தர் வியாபாரிக்கு 1,000, ரத்தின வியாபாரிக்கு 10,000. ரத்தின வியாபாரியும் நொடித்துப்போவான், அவனை அவன் தொழிலிலேயே நிமிர்த்தி நிறுத்த வேண்டும் என்று யோசித்திருக்கிறார்கள். சேலையும் அரிசி மூட்டையும் கொடுத்து வரிசையில் நிற்க வைக்கும் நம் ஊர் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வகை ஆமில், அதாவது ஜகாத்தை வசூலித்துப் பங்கிட ஆட்சியாளர் நியமித்தவர். அவர் வாங்குவது உழைப்புக்கான கூலி, அதனால் பணக்காரராக இருந்தாலும் வாங்கலாம். வசூலானதில் பாதியை அது தாண்டக் கூடாது என்று ஹனஃபிகள் வரம்பு வைத்தார்கள். ஐந்தாவது, அடிமைத்தளையிலிருந்து மீள்பவர். எஜமானனோடு தொகை பேசி எழுதிக்கொண்டு, அதைத் தவணையில் கட்டி விடுதலையாகும் முகாத்தபுக்குத்தான் இந்தப் பங்கு என்கிறார்கள் ஹனஃபிகளும் ஷாஃபிஈகளும். அடிமைகளை விலைக்கு வாங்கி விடுதலை செய்யவே செலவிடலாம் என்கிறார் இமாம் மாலிக். ஏழாவதான அல்லாஹ்வின் பாதையைப் பெரும்பாலோர் சம்பளமில்லாமல் போருக்குப் போகும் தொண்டர்களோடு நிறுத்தினார்கள். இமாம் அஹ்மதின் ஒரு கூற்றில் ஹஜ்ஜும் அதில் அடங்கும். எட்டாவது வழிப்போக்கர். சொந்த ஊரில் சொத்து இருந்தாலும், வழியில் கைப்பணம் தீர்ந்து நிற்பவருக்கு ஊர் போய்ச் சேரும் அளவுக்குக் கொடுக்க வேண்டும்.

ஆறாவது வகையில் மட்டும் சற்று நிற்க வேண்டும். கடன்பட்டவர் என்றதும் நமக்குத் தோன்றுவது வட்டிக் கடையும் மருத்துவச் செலவும். ஷாஃபிஈகள் இதற்குள் இன்னொருவரையும் வைக்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கு நடுவே கொலைப்பழியோ சொத்துச் சேதமோ வந்து வெட்டுக்குத்தில் முடியப் போகிறது. ஒருவர் நடுவில் புகுந்து, "இழப்பீட்டை நான் தருகிறேன், விட்டுவிடுங்கள்" என்று பொறுப்பேற்கிறார். அப்படி அவர் தலையில் ஏறிய கடனை, அவர் வசதியானவராக இருந்தாலும், ஜகாத்திலிருந்து அடைக்கலாம். கபீஸா இப்னு முகாரிக்(ரலி) இப்படி ஒரு பொறுப்பை ஏற்று நபி(ஸல்) அவர்களிடம் வந்தபோது, "இங்கே இரும், ஸதகா வரட்டும், உமக்குக் கொடுக்கச் சொல்கிறேன்" என்றார்கள். முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஹதீஸ் இது. ஆக, ஜகாத் ஏழைமையை மட்டும் குறிவைத்ததில்லை. சமூகத்துக்குத் தேவையான ஒரு காரியத்துக்காக வசதியுள்ளவருக்கும் போகும் வழி அதற்குள் இருக்கிறது. நான்காவது வகையான முஅல்லஃபாவைப் புரிந்துகொள்ள இது எனக்கு உதவியது.

நூறு ஒட்டகங்களும் ஓர் உவர்நிலமும்

ஹிஜ்ரி 8, கி.பி. 630. மக்கா வெற்றிக்குப் பின் ஹுனைன் போர் முடிந்து, ஜிஇர்ரானாவில் நபி(ஸல்) அவர்கள் போரில் கிடைத்த கனீமத்தைப் பங்கிட்டார்கள். அபூ சுஃப்யானுக்கு நூறு ஒட்டகம். கத்ஃபான் குலத்தலைவர் உயைனா இப்னு ஹிஸ்னுக்கு நூறு. தமீம் தலைவர் அக்ரஃ இப்னு ஹாபிஸுக்கு நூறு. ஸஃப்வான் இப்னு உமைய்யா அப்போது முஸ்லிமாகக்கூட இல்லை. அவருக்கு நூறு கொடுத்து, மேலும் நூறு கொடுத்து, இன்னும் நூறு கொடுத்தார்கள். பிற்காலத்தில் ஸஃப்வான் சொன்னார்: "மனிதர்களிலேயே எனக்கு மிக வெறுப்பானவராக அவர் இருந்தார். கொடுத்துக்கொண்டே இருந்தார், கடைசியில் மனிதர்களிலேயே எனக்கு மிகப் பிரியமானவராகிவிட்டார்."

அன்சாரிகளுக்கு ஒன்றும் தரப்படவில்லை. அவர்களில் சிலர் மனம் நொந்தது இயல்பு. மற்றவர்கள் ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு போகும்போது நீங்கள் அல்லாஹ்வின் தூதரோடு வீடு திரும்புவது உங்களுக்குத் திருப்தியில்லையா என்று நபி(ஸல்) அவர்கள் கேட்டதும், தாடி நனைய அழுதார்கள். உயைனாவுக்கும் அக்ரஃவுக்கும் நூறு நூறாகக் கொடுத்துவிட்டு ஜுஐல் என்ற ஏழைத் தோழரை விட்டுவிட்டீர்களே என்று ஒருவர் கேட்டதாகவும் இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். பூமி நிறைய உயைனாக்கள் இருந்தாலும் ஜுஐல் அவர்களைவிட மேல், அவர்களை நான் இணக்கப்படுத்துகிறேன், ஜுஐலை அவருடைய இஸ்லாத்திடமே ஒப்படைத்துவிட்டேன் என்பது பதில். இந்தப் பங்கு மரியாதையின் அளவல்ல என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. கெட்டியாக நிற்பவருக்கு இது கிடையாது, ஆடிக்கொண்டிருப்பவருக்குத்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பயான்களில் இதைக் கலந்துவிடுகிறார்கள். ஜிஇர்ரானாவில் பங்கிடப்பட்டது போரில் கிடைத்த பொருள், ஜகாத் அல்ல. ஸஃப்வானுக்குக் கொடுத்ததை வைத்து, முஸ்லிம் அல்லாதவருக்கு ஜகாத் கொடுக்கலாம் என்று வாதிட்டால் ஷாஃபிஈகள் இதைச் சொல்லித்தான் தடுப்பார்கள். அவர்களிடம் ஜகாத்தின் முஅல்லஃபா பங்கு முஸ்லிமுக்கு மட்டும். மாலிகி மத்ஹபின் கலீல் தம் முக்தஸரில், இஸ்லாத்துக்கு வருவதற்காக முஸ்லிம் அல்லாதவருக்குக் கொடுப்பதையே முஅல்லஃபா என்று எழுதி, இந்தச் சட்டம் நிலைத்திருக்கிறது என்றும் சேர்க்கிறார். ஹன்பலிகள் இருவரையும் ஏற்கிறார்கள், தன் கூட்டத்தில் சொல்வாக்குள்ள தலைவராக இருக்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை.

அடுத்து வருவது ஹனஃபி வாதத்தின் வேர். நபி(ஸல்) அவர்கள் மறைந்த பிறகு, அதே உயைனாவும் அக்ரஃவும் கலீஃபா அபூபக்ர்(ரலி) அவர்களிடம் வந்தார்கள். புல்லும் முளைக்காத, யாருக்கும் பயனில்லாத ஓர் உவர்நிலம் கிடக்கிறது, அதை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அபூபக்ர் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இல்லாத உமர்(ரலி) அவர்களிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கப் போனார்கள். உமர் வாசித்துப் பார்த்து, எச்சிலைத் தொட்டு எழுத்தை அழித்துவிட்டார்கள். "இஸ்லாம் பலவீனமாக இருந்த நாளில் அல்லாஹ்வின் தூதர் உங்களை இணக்கப்படுத்தினார்கள். இப்போது அல்லாஹ் இஸ்லாத்துக்குப் பலம் கொடுத்துவிட்டான். போய் உழையுங்கள்" என்றார்கள். அபூபக்ர் அதை மாற்றவில்லை, தோழர்களில் ஒருவரும் மறுக்கவில்லை. ஆகவே இது தோழர்களின் ஒருமித்த முடிவு, காரணம் தீர்ந்ததும் சட்டமும் தீர்ந்தது என்பது ஹனஃபிகள் கட்டிய வாதம். தோழர்களுக்கு அடுத்த தலைமுறையான தாபியீன்களில் ஷஅபியும் இதே கருத்தைத்தான் சொன்னார், அபூபக்ர் ஆட்சிக்கு வந்ததும் அந்த லஞ்சம் நின்றது என்று கடுமையாகவே சொன்னார்.

வலுவான வாதம்தான். நான் வெகுகாலம் இதிலேயே நின்றேன். கதையைத் திரும்பத் திரும்பப் படித்தபோது இரண்டு விஷயம் உறுத்தியது. முதலாவது, அவர்கள் கேட்டது ஜகாத் அல்ல, நிலம். இரண்டாவது, உமர் பேசியது அந்த இருவரைப் பார்த்து. உயைனா யார்? நபி(ஸல்) அவர்கள் மறைந்ததும் பல குலங்கள் இஸ்லாத்தை விட்டு விலகிய ரித்தத் நாட்களில் பொய் நபி துலைஹாவோடு சேர்ந்துகொண்டு, பிடிபட்டு, கைகள் கட்டப்பட்டு மதீனாவுக்குக் கொண்டுவரப்பட்டவர். நூறு ஒட்டகமும் அவர் உள்ளத்தை நிறுத்தி வைக்கவில்லை. உமர் கலீஃபாவான பிறகும் நேரில் வந்து, எங்களுக்குத் தாராளமாகத் தருவதில்லை, நீதியாகவும் தீர்ப்பதில்லை என்று வைதவர். அப்படிப்பட்டவரை இனியும் கொடுத்து இணக்கப்படுத்தத் தேவையில்லை என்பது ஒரு தலைவரின் தீர்மானம். பங்கே இனி இல்லை என்பது வேறு விஷயம்.

அதீ கொண்டுவந்த மந்தை

எனக்குத் திருப்பத்தைக் கொடுத்தவர் அதீ இப்னு ஹாதிம்(ரலி). வள்ளல் ஹாதிம் தாயின் மகன், தய்யி குலத்தலைவர். இமாம் ஷாஃபிஈ தம் அல்உம்ம் நூலில் அவரைப் பற்றி ஒரு செய்தியைக் கொண்டுவருகிறார். அபூபக்ர்(ரலி) ஆட்சியில் அதீ தன் குலத்தாரின் ஜகாத் ஒட்டகங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தார், எண்ணிக்கை முன்னூறு இருக்கும் என்று அறிவிப்பாளர் நினைக்கிறார். அபூபக்ர் அதிலிருந்து முப்பதை அதீக்கே கொடுத்தார்கள். பல குலங்கள் ஜகாத்தை நிறுத்திவிட்ட நேரம் அது. மதீனாவே தள்ளாடிய நாட்களில் ஒரு தலைவர் மந்தையை ஓட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்.

அந்த முப்பது எந்தப் பங்கிலிருந்து என்று செய்தியில் இல்லை, ஷாஃபிஈயே அதை ஒப்புக்கொள்கிறார். அதீ ஏழையல்ல, வழிப்போக்கருமல்ல. பார்க்கப் போனால் முஅல்லஃபா பங்கு என்பதுதான் பொருந்துகிறது, மற்றவர்களும் அவரைப் பார்த்து வரட்டும் என்பதற்காக என்கிறார். இப்போது இரண்டு காட்சியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அதே கலீஃபா, அதே ஆட்சி. உயைனாவுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம் அழிக்கப்பட்டது. அதீக்கு ஜகாத் மந்தையிலிருந்தே முப்பது ஒட்டகம் போனது. பங்கு முற்றாக ரத்தாகியிருந்தால் இந்த முப்பதுக்கு விளக்கம் சொல்வது கடினம். ஆளைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்று எடுத்தால் இரண்டும் பொருந்திவிடுகிறது. பின்னால் உமர் இப்னு அப்துல் அஸீஸ்(ரஹ்) ரோமப் பிரபு ஒருவருக்கு உள்ளத்தை ஈர்ப்பதற்காக ஆயிரம் தீனார் கொடுத்த செய்தியும் இதோடு சேர்ந்துகொள்கிறது. இந்தச் சட்டம் மாற்றப்பட்டதற்கு எதையும் நான் அறியவில்லை என்று இமாம் ஸுஹ்ரி சொன்னதன் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஷாஃபிஈ நூல்கள் இந்த வகையை நான்காகப் பிரிக்கின்றன. இஸ்லாத்துக்கு வந்தும் உறுதி இன்னும் வேர்பிடிக்காதவர். தன் கூட்டத்தில் மதிப்புள்ளவர், அவருக்குக் கொடுத்தால் அவரைப் பார்த்து மற்றவரும் வருவார்கள். எல்லையில் நின்று காவல் காப்பவர். ஜகாத் தர மறுக்கும் பக்கத்துக் கூட்டத்திடமிருந்து வாங்கித் தருபவர். முதல் இரண்டு பேரையும் எப்படி அறிவது என்பதற்கு இமாம் நவவீ போன்றோர் எழுதியது என்னை ஈர்த்தது. என் உறுதி பலவீனமாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் சாட்சி கேட்க வேண்டாம், அவர் பேச்சே அவரை மெய்ப்பிக்கிறது. நான் என் கூட்டத்தில் செல்வாக்கானவன் என்று ஒருவர் சொன்னால் சாட்சி கொண்டுவரச் சொல். பலவீனத்தை ஒப்புக்கொள்பவனை நம்பு, பெருமை பேசுபவனை விசாரி. உயைனாக்கள் இந்த இரண்டாவது இடத்தில்தான் சிக்குவார்கள்.

ஒரு பையனின் அட்வான்ஸ்

மாமாவின் பட்டியலில் இருந்த பையன் விஷயத்துக்கு வருவோம். அடையாளம் தெரியாதபடி விவரத்தை மாற்றிச் சொல்கிறேன். வயது இருபத்துநான்கு, கடையில் வேலை, சம்பளம் 18,000 ரூபாய். கலிமா சொன்ன பிறகு வீட்டில் சேர்க்கவில்லை. நண்பன் அறையில் ஒண்டியிருக்கிறான், தனி அறைக்கு 30,000 ரூபாய் அட்வான்ஸ் தேவை. கையில் 6,000 இருக்கிறது.

ஷாஃபிஈயாக மாமா பார்த்தார். சம்பளம் அவன் ஒருவன் சாப்பிட்டு உடுத்தப் போதும், ஆகவே ஏழை என்ற கதவு கொஞ்சம் சந்தேகம். ஆனால் ஆறுதலுக்கு ஆளில்லாமல், திரும்பிப் போய்விடலாமா என்று அவனே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறான். முஅல்லஃபா என்று எழுதினார், சாட்சி கேட்கவில்லை. நான் ஹனஃபியாகப் பார்த்தேன். முஅல்லஃபா கதவு எனக்கு மூடியிருக்கிறது. ஆனால் அவன் கையிருப்பு நிஸாபுக்குப் பக்கத்தில்கூட இல்லை. எங்கள் வரையறையில் அவன் சந்தேகமே இல்லாமல் ஃபகீர். நானும் அதே பணத்தைக் கொடுக்கலாம். பெரிய சர்ச்சையாகத் தெரிந்தது, புதிதாக வரும் பெரும்பாலோர் விஷயத்தில் இரண்டு கதவில் எதில் நுழைவது என்பதாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே "அந்த வகை இப்போது இல்லை" என்று சொல்லிப் புதிய முஸ்லிமை வெறுங்கையோடு அனுப்பும் பைத்துல்மால், ஹனஃபி மத்ஹபையும் சரியாகப் பின்பற்றவில்லை. எனக்கு இதில் கோபமே உண்டு.

உண்மையான வேறுபாடு தெரிவது வேறு இடத்தில். வசதியான ஒருவர் இஸ்லாத்துக்கு வருகிறார், அவருக்குக் கொடுத்தால் அவர் சொந்தக்காரர்கள் நெருங்கி வருவார்கள் என்று நினைக்கிறோம். ஷாஃபிஈ ஜமாஅத் ஆதாரம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். ஹனஃபி ஜமாஅத் ஜகாத்திலிருந்து கொடுக்க முடியாது. முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாரின் மனத்தை ஈர்க்க வேண்டுமென்றால் இரண்டு ஜமாஅத்தும் ஜகாத்தைத் தொடாமல் மற்ற ஸதகாவிலிருந்துதான் கொடுக்க வேண்டும், அதற்கு எந்தத் தடையும் கிடையாது.

இன்னொரு கேள்வியும் வரும்: எவ்வளவு காலம் ஒருவர் முஅல்லஃபா? நூல்கள் வைத்த அளவு உறுதியின் பலவீனம்தான், வருடக் கணக்கு இல்லை. அதனால் பட்டியலில் ஒருமுறை ஏறிய பெயரை ஆண்டுதோறும் அப்படியே நகலெடுக்கக் கூடாது. அந்தப் பையன் இரண்டாவது நோன்பில் முதல் சஃப்பில் நின்று தொழுதுகொண்டிருந்தான், மாமா அவன் பெயரை எடுத்துவிட்டார். அவனாகவும் வந்து கேட்கவில்லை.